நாளைக்கு எத்தனை பேர் வேண்டும்: சிறிய ஹோட்டலின் அறைச் சுத்தக் கணக்கு

சிறிய ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பை ஏற்கிறவருக்கு முன்னால் ஒவ்வொரு மாலையும் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: நாளைக்கு எத்தனை பேரை வரச் சொல்வது? பல இடங்களில் இதற்குப் பழக்கமே பதில் சொல்கிறது. 'எப்போதும் இரண்டு பேர்தான்' என்பார்கள். அல்லது 'ஆளுக்குப் பத்து அறை' என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கிறவர்கள் அறைகளின் எண்ணிக்கையை அறைக்கு ஆகும் நிமிடங்களால் பெருக்கி, அதை ஒருவரின் வேலை நேரத்தால் வகுத்து விடை காண்பார்கள். இந்தப் பெருக்கலும் வகுத்தலும் தேவையானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விடை, நாளைக்கு மொத்தம் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எத்தனை பேர் எந்த நேரத்தில் மாடியில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, செக்-அவுட்டுக்கும் செக்-இன்னுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரம். இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்காத அட்டவணை தாளில் சரியாக இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்கு வரவேற்பறையில் உடைந்துவிடும்.

முதலில் நிமிடங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன அறையும், அவர் இன்னும் தங்கியிருக்கும் அறையும் ஒரே வேலை அல்ல. ஆகவே அறைக்கு ஒரு சராசரி நிமிடம் என்று வைத்துக்கொள்வது ஆரம்பத்திலேயே கணக்கைக் கெடுத்துவிடும். வகை வகையாகப் பிரித்து அளக்க வேண்டும். டிராலி ஒரு அறையின் வாசலில் வந்து நிற்பதில் தொடங்கி அடுத்த அறையின் வாசலில் போய் நிற்பது வரைக்கும் உள்ள நேரமே அந்த அறையின் நேரம்; அறைக்குள் நடப்பதை மட்டும் அளந்தால், டிராலி தள்ளுவதும் அழுக்குத் துணியைக் கொண்டுபோய்ப் போடுவதும் எந்தக் கணக்கிலும் சேராமல் நாள் முழுக்கக் கசிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வகைக்கும் இருபது அறைகளாவது, வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நாட்கள் என்று அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்வது என் வழக்கம். சராசரியை எடுத்தால், யாரோ ஒரு விருந்தினர் தரைவிரிப்பில் காபியைக் கொட்டிய ஒற்றை அறை மற்ற எல்லா அறைகளின் நேரத்தையும் மேலே இழுத்துவிடும். குழுவில் மிக வேகமானவரின் நேரத்தை அளவாக வைப்பது அதைவிடத் தவறு. மற்றவர்கள் அந்த எண்ணைத் தொட முடியாமல் எதை விடலாம் என்று தேடத் தொடங்குவார்கள்.

எதை விடுவார்கள் என்பதை ஒரு செக்-அவுட் அறைக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும். கதவைத் தட்டி, குரல் கொடுத்து, உள்ளே சென்று, திரைச்சீலையை விலக்கி, விருந்தினர் எதையாவது மறந்து விட்டுப் போயிருக்கிறாரா என்று பார்த்து, குப்பையை எடுத்து, படுக்கைத் துணிகளை உருவுவதற்கு மூன்று நிமிடம். அடுத்து, படுக்கையைத் தொடும் முன் குளியலறைக்குப் போய்க் கழிப்பறையிலும் வாஷ்பேசினிலும் கிருமிநாசினியைத் தெளித்துவிட்டு வர ஒரு நிமிடம். அது வேலை செய்வதற்கு, புட்டியின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரைக்கும் ஈரமாக நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் படுக்கையைப் போட்டுவிடலாம், அதற்கு ஒன்பது நிமிடம். பிறகு குளியலறையைத் தேய்த்துக் கழுவித் துடைத்து உலர்த்த பதினொரு நிமிடம். தூசி துடைத்து, சோப்பு, துண்டு, தண்ணீர் ஆகியவற்றை நிரப்ப ஐந்து. உள் மூலையிலிருந்து வாசலை நோக்கித் தரையைச் சுத்தம் செய்ய நான்கு. வாசலில் நின்று ஒருமுறை அறையை முழுதாகப் பார்த்து, டிராலியை நகர்த்த இரண்டு. கூட்டினால் 35 நிமிடம். இந்த 35-ஐ 28 ஆக்கு என்று மேலிருந்து உத்தரவு வந்தால், படுக்கையின் நேரம் குறையாது, ஏனென்றால் படுக்கைதான் விருந்தினரின் கண்ணில் முதலில் படும். குறைவது அந்தக் கிருமிநாசினி நிற்கும் நேரமும், குளியலறையின் மூலைகளும், கட்டிலுக்கு அடியும்தான். மேற்பார்வையாளரும் அவசரமாகப் பார்த்தால் இவை தெரியாது. சில வாரங்களுக்குப் பிறகு டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகத் தெரியும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அளப்பது எதற்காக என்று பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் கையில் கடிகாரத்தோடு போய் நின்றால், கிடைக்கும் எண்கள் எதற்கும் உதவாது. 'சீக்கிரம் முடித்தால் நாளைக்கு இன்னும் இரண்டு அறை சேர்த்துக் கொடுப்பார்கள்' என்று நினைக்கிறவர் மெதுவாகச் செய்வார். 'தாமதமானால் திட்டுவார்கள்' என்று நினைக்கிறவர் மூலைகளை விட்டுவிட்டு வேகமாகச் செய்வார். இரண்டு பயங்களுக்கும் நியாயம் இருக்கிறது. இந்த எண், அறைக்குப் போதுமான நேரத்தை ஒதுக்கத்தான் பயன்படும் என்பதை முதல் வாரத்திலேயே அட்டவணையில் காட்டினால்தான் அவர்கள் நம்புவார்கள். வாய்வார்த்தை போதாது.

இனி கணக்கு. 24 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். செக்-அவுட் 11 மணி, செக்-இன் 2 மணி. நாளைக்குக் காலி செய்யப்போகும் அறைகள் 12. அவற்றில் 10 சாதாரண அறைகள், 2 பெரிய குடும்ப அறைகள். விருந்தினர் தொடர்ந்து தங்கும் அறைகள் 8. ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டுக் காலியாக இருப்பவை 4. அளந்து வைத்திருக்கும் நிமிடங்கள் முறையே 35, 50, 18. காலி அறையை ஒருமுறை திறந்து பார்த்துத் தூசி தட்ட 5. பெருக்கினால் 350, 100, 144, 20. ஆக மொத்தம் 614 நிமிடம்.

அடுத்து, ஒருவரிடம் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம் என்று வகுக்கத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் பிழை. அதில் சாப்பாட்டுக்கு 30, இரண்டு தேநீர் இடைவேளைக்கு 20, காலையில் அறைப் பட்டியலை வாங்கி டிராலியை அடுக்க 15, மாலையில் அழுக்குத் துணியை ஒப்படைத்து டிராலியைத் திரும்ப நிரப்ப 20 என்று 85 நிமிடம் கழிந்துவிடும். மிச்சம் 395. அதிலும் 'இன்னொரு போர்வை வேண்டும்', 'தண்ணீர் ஊற்றிவிட்டது, துடைக்க வேண்டும்' என்று நடுவில் வரும் அழைப்புகளுக்காக 35 நிமிடத்தை ஒதுக்கிவைத்தால், அறைகளுக்கென்று மிஞ்சுவது 360. விரிதாளில் வகைகளின் எண்ணிக்கை ஒரு பத்தியிலும் நிமிடங்கள் அடுத்த பத்தியிலும் இருந்தால் இவ்வளவுதான்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/360
```

விடை 1.7. இரண்டு பேர் போதும், 106 நிமிடம் மிச்சமும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் தாளை மடித்துவைத்துவிடுவார்கள்.

நாளைக்கு வரப்போகிறவர்களுக்கு 13 அறைகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருக்கும் 4 அறைகளைக் கொடுத்தது போக, செக்-அவுட் ஆகும் 12-இல் 9 அறைகள் 2 மணிக்குள் தயாராக வேண்டும். இரண்டு குடும்ப அறைகளும் அந்த ஒன்பதில் அடக்கம். இப்போது கேட்க வேண்டியது, அந்தப் பன்னிரண்டு அறைகளும் எப்போது நம் கைக்கு வரும் என்பது. வரவேற்பறையில் இருக்கிறவருக்கு இது தெரியும். யார் விடியற்காலை வண்டிக்குப் போகிறார், யார் நேற்றே கணக்கை முடித்துவிட்டார், யார் கடைசி நிமிடம் வரை இருந்துவிட்டுப் போகிறவர் என்று அவரிடம் கேட்டு, அறை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

சாதாரண நாளில், 12-இல் 6 அறைகள் 10.30 மணிக்குள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிடும். எட்டு மணிக்கு வந்த இருவருக்கும் டிராலி அடுக்கிய பின் 8.15 முதல் 11 வரை, தேநீரும் அழைப்புகளும் போக, ஆளுக்கு 145 நிமிடம், இருவருக்குமாக 290 இருக்கிறது. காலி அறைகளைப் பார்க்க 20, முன்னதாகக் காலியான 6 சாதாரண அறைகளுக்கு 210, தங்கும் அறைகளில் மூன்றுக்கு 54 என்று 284 நிமிடம் அதில் அடங்கிவிடும். 11 மணிக்குப் பிறகு, ஒன்பதில் மீதியிருப்பது இரண்டு குடும்ப அறையும் ஒரு சாதாரண அறையும், 135 நிமிடம். எந்த நெருக்கடியும் இல்லை. இரண்டு பேர் என்ற விடை இன்று சரி.

இதே 614 நிமிடம், இதே எண்ணிக்கை, ஆனால் பன்னிரண்டு அறைகளிலும் ஒரே திருமணக் கூட்டம் தங்கியிருக்கிறது என்று வையுங்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பேருந்தில் ஏறுவார்கள். 11 மணிக்கு முன்னால் ஒரு அறைகூடக் கைக்கு வராது. அப்போது காலை 290 நிமிடத்தில் செய்ய முடிவது காலி அறைகளும், உள்ளே போகக் கிடைக்கிற தங்கும் அறைகள் ஆறும் மட்டுமே. 128 நிமிட வேலை. மிச்சமிருக்கும் 162 நிமிடத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம், வேலை இல்லை. 11 முதல் 2 வரை ஒருவருக்கு 180 நிமிடம்; சாப்பாட்டுக்கு 30, அழைப்புகளுக்கு 15 போனால் 135. இருவருக்கும் சேர்த்து 270. தேவைப்படுவதோ ஏழு சாதாரண அறைக்கு 245, இரண்டு குடும்ப அறைக்கு 100, ஆக 345. எழுபத்தைந்து நிமிடம் பற்றாக்குறை. காலையில் வீணான 162 நிமிடத்தை இங்கே கொண்டுவந்து சேர்க்க எந்த வழியும் இல்லை.

அத்தோடு, அறைகளைப் பாதியாக வெட்டிப் பகிர முடியாது என்பதும் சேர்கிறது. ஒருவர் இரண்டு குடும்ப அறைகளையும் ஒரு சாதாரண அறையையும் எடுத்தால் 135 நிமிடத்தில் சரியாக முடிப்பார். மற்றவர் மூன்று சாதாரண அறைகளை 105 நிமிடத்தில் முடித்து, நான்காவதை 2.05-க்கு முடிப்பார். ஆக 2 மணிக்குக் கையில் இருப்பது 6 அறைகள். ஒன்று ஐந்து நிமிடம் தாமதம். இரண்டில் இன்னும் படுக்கைத் துணியைக்கூட உருவியிருக்க மாட்டார்கள். அறைகளை எண்ணிக்கையால் பிரிக்காமல் நிமிடங்களால் பிரிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குடும்ப அறை என்று 'நியாயமாக'ப் பகிர்ந்திருந்தால், இருவருமே மூன்றாவது அறையை 120-ஆவது நிமிடத்தில் முடித்துவிட்டு, அடுத்த அறைக்கு 20 நிமிடம் போதாமல் நிற்பார்கள், ஏழாவது அறை 2.05-க்குப் பதிலாக 2.20-க்குத்தான் கிடைக்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகளை நான் பயன்படுத்துவேன். முதலாவது, சாப்பாட்டு இடைவேளையை 10.30-க்கு, அதாவது வேலை இல்லாத நேரத்துக்கு நகர்த்துவது. அப்படிச் செய்தால் 11 முதல் 2 வரை ஆளுக்கு 165 நிமிடம் கிடைக்கும். முதலாமவர் இரண்டு குடும்ப அறை, இரண்டு சாதாரண அறை என்று 170 நிமிடம். மற்றவர் ஐந்து சாதாரண அறை, 175 நிமிடம். ஏழு அறைகள் நேரத்துக்கும், எட்டாவது 2.05-க்கும், ஒன்பதாவது 2.10-க்கும் தயாராகிவிடும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் கிட்டத்தட்ட முழுக் குறையும் அடைபடுகிறது என்பதால் நிர்வாகத்துக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. மூன்று மணி நேரம் இடைவிடாமல் செக்-அவுட் அறைகளை மட்டும் செய்வது என்பது மெத்தையின் மூலையைத் தூக்குவது, குனிவது, குளியலறைத் தரையில் மண்டியிடுவது ஆகியவற்றை இடைவிடாமல் திரும்பத் திரும்பச் செய்வது. ஐந்தாவது அறைக்கு 35 நிமிடம் என்று எழுதுவது எளிது. அந்த அறைக்கு வரும்போது அது 40 ஆகியிருக்கும். 10.30-க்குச் சாப்பிட்டவர் நான்கு மணி வரை தேநீரோடு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. எப்போதாவது வரும் ஒரு நாளுக்கு, அதுவும் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இதைச் செய்யலாம். வார இறுதிதோறும் கூட்டம் வந்து போகும் ஹோட்டலில் இதையே வழக்கமாக்கக் கூடாது.

இரண்டாவது வழி, மூன்றாவது ஒருவரை 11 மணிக்கு வரச்சொல்லி 2.30-க்கு அனுப்புவது. தயாராவதற்கும் அழைப்புகளுக்கும் கழித்தால், 2 மணிக்குள் அவருக்கு 155 நிமிடம் இருக்கும். ஒன்பது அறைகளும் ஆளுக்கு மூன்றாகப் பிரியும்: ஒருவருக்கு 135, மற்ற இருவருக்கும் 105. ஒன்றில் ஏதாவது தகராறு வந்தாலும் தாங்கும். மொத்த நிமிடக் கணக்கை மட்டும் பார்க்கிற முதலாளி, '1.7 பேர் போதும் என்று நீங்களே சொல்கிறீர்கள், மூன்றாவது ஆள் எதற்கு?' என்று கேட்பார். அப்போது இந்த மூன்று மணி நேரத்தின் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும். பகுதிநேரம் வருகிற ஆள் கிடைத்தால், அவரை எட்டு மணிக்கு வரவழைத்துப் பதினொன்றரைக்கு அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை என்பதையும் இதே கணக்கு காட்டும். அந்த நாளில், முழுநேரம் வேலை செய்யும் இருவரில் ஒருவரை 9.30-க்கு வந்து 5.30-க்குப் போகச் சொல்லலாம். காலையில் குறைவாக இருக்கும் வேலைக்கு அது ஒத்துவரும். 2 மணிக்குப் பிறகு மீதியிருக்கும் மூன்று செக்-அவுட் அறைகளையும் இரண்டு தங்கும் அறைகளையும் முடிக்கவும் ஆள் இருக்கும். நேர மாற்றத்தை முந்தைய இரவில் சொல்லாமல், வாரத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முன்பதிவு ஏட்டில் கூட்டத்தின் பெயர் பல நாட்களுக்கு முன்பே இருக்கும் என்பதால் இது முடியாத காரியம் அல்ல.

இத்தனை நுணுக்கமாகப் போட்ட கணக்கையும் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும். தாமதமாகக் காலி செய்ய ஒருவருக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை தொங்கும். தங்குகிறவர் ஒருவர் சுத்தம் வேண்டாம், துண்டு மட்டும் போதும் என்பார். இவற்றில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது தாமதச் செக்-அவுட். 1 மணி வரை இருக்கட்டும் என்று வரவேற்பறையில் சொல்லும் ஒரு வார்த்தை, அந்த அறையை 2 மணிப் பட்டியலிலிருந்து நடைமுறையில் எடுத்துவிடுகிறது. மாடியில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம், சொன்ன உடனேயே தெரிவிக்க வேண்டும். அந்த அறையை மாலையில் வருகிற விருந்தினருக்கு மாற்றிக் கொடுத்தாலே பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

துணியின் இருப்பும் நிமிடங்களைப் பொய்யாக்கும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியாகும் நாளில், விரிப்புகளும் துண்டுகளும் ஒரே நேரத்தில் தேவைப்படும். ஒரு செட் படுக்கையில், ஒரு செட் சலவையில், ஒரு செட் அலமாரியில் என்று மூன்று செட்டாவது இல்லாவிட்டால், பணியாளர் சுத்தம் செய்த அறையில் வெறும் மெத்தையின் முன் நின்றுகொண்டு உலர்த்தும் இயந்திரம் நிற்கக் காத்திருப்பார். அப்போது அறைக்கு 35 நிமிடம் 50 ஆகும். அளந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்றோ ஆள் மெதுவாகச் செய்கிறார் என்றோ முடிவுகட்டுவதற்கு முன் சலவை அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அட்டவணை சரியாக இருக்கிறதா என்பதை அறிய ஒவ்வொரு அறைக்கும் 'தயாரான நேரம்' என்று ஒரு கட்டத்தை மட்டும் நான் வைத்திருப்பேன். தாமதங்கள் நாள் முழுவதும் பரவலாக இருந்தால், வகைக்கு வைத்த நிமிடங்கள் குறைவு. திரும்ப அளக்க வேண்டும். ஒன்றரை மணிக்குப் பிறகு மட்டும் கொத்தாக இருந்தால் நிமிடங்கள் சரி, அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஆள் போதவில்லை. தாமதமே இல்லாமல், ஆனால் திரும்பப் போய்ச் சுத்தம் செய்ய வேண்டிய அறைகள் கூடிக்கொண்டிருந்தால், அவர்கள் குளியலறையின் நேரத்தை எடுத்துப் படுக்கைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாதத் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தால், இந்த மூன்றில் எது நடக்கிறது என்பது யாரையும் விசாரிக்காமலே தெரிந்துவிடும்.